அம்பு விடும் முன் அம்பு எடுக்கக் கற்போம்

வில்வித்தை என்றதும் நாணைக் காது வரை இழுத்து, ஒரு கண்ணைச் சுருக்கி நிற்கும் ஒருவரின் உருவம்தான் நம் மனத்தில் எழுகிறது. பதின்ம வயது மாணவர்களுக்கு இந்த விளையாட்டை முதன்முதலாகச் சொல்லிக் கொடுக்கத் திட்டமிடுகிறவர்கள் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது அந்த உருவத்தை அல்ல. விட்ட அம்புகளை எடுத்து வருவதற்காகப் பத்துப் பேர் இலக்கை நோக்கி நடந்து போகிறார்களே, அந்த மூன்று நிமிடங்களைத்தான். அம்பு விடும்போது இலக்குப் பக்கம் யாரும் இருப்பதில்லை. எடுக்கப் போகும்போது எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கிள்ளானில் ஓர் இளைஞர் குழு, படிவம் 1 முதல் படிவம் 3 வரை படிக்கும் இருபது மாணவர்களுக்கு நான்கு சனிக்கிழமைகளில் வில்வித்தை அறிமுகப் பயிற்சி நடத்த முடிவு செய்திருக்கிறது. பயிற்சித் திட்டத்தை எழுதும் பொறுப்பு, பல்கலைக்கழக வில்வித்தைக் கழகத்தில் இருக்கும் எனக்கும் என் நண்பர்களுக்கும் வந்தது. நாங்கள் எழுதிய திட்டத்தின்படி முதல் சனிக்கிழமை ஒரு மாணவர்கூட அம்பு விடமாட்டார். இதைச் சொன்னதும், பதிவு செய்ய வந்திருந்த படிவம் 1 மாணவி ஒருத்தி, "அப்புறம் எதுக்கு அக்கா வரணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அவளுக்கும், இதுபோன்ற பயிற்சியை நடத்த நினைக்கும் பள்ளிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

மூன்று கோடுகள்

திடலில் முதலில் வரைய வேண்டியவை மூன்று கோடுகள். ஒன்று, அம்பு விடும் கோடு. அதற்கு ஐந்து மீட்டர் பின்னால் காத்திருக்கும் கோடு. தன் முறை வராத மாணவர் இதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், அல்லது உட்கார வேண்டும். மூன்றாவது கோடு இலக்குகளுக்கு மூன்று மீட்டர் முன்னால் வருகிறது. அம்பு எடுக்கப் போகிறவர்கள் இந்த இடத்தில் நின்றாக வேண்டும். முதல் இரண்டு கோடுகளைப் பலரும் போடுகிறார்கள். மூன்றாவது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் யாரும் அதை விடமாட்டார்கள்.

இலக்கில் குத்தி நிற்கும் அம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு நீளக் கம்பி போலத் தெரியும். நேர் முன்னால் நின்று பார்த்தால் அதன் வால் முனை மட்டும் ஒரு சிறு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி ஏறத்தாழ நம் நெஞ்சு அல்லது முக உயரத்தில் இருக்கிறது. நடுவட்டத்தில் அம்பு குத்திய உற்சாகத்தில் ஓடி வரும் பதின்மூன்று வயதுப் பிள்ளை, அந்தப் புள்ளிகளைக் கவனிக்காமல் கடைசி அடியில் தடுக்கினால் முதலில் போய் இடிப்பது கண்தான். மூன்றாவது கோட்டில் நின்றாக வேண்டும் என்ற விதி, ஓட்டத்தை நிறுத்துகிறது. அம்புகள் எந்த உயரத்தில், எத்தனை இருக்கின்றன என்று பார்க்க ஒரு நொடி தருகிறது.

விசிலின் மொழி

வில்வித்தைத் திடலில் கட்டளைகள் ஒலியால் வருகின்றன. இரண்டு முறை ஊதினால் அம்பு விடும் கோட்டுக்கு வர வேண்டும். ஒரு முறை ஊதினால் அம்பு விடத் தொடங்கலாம். மூன்று முறை ஊதினால் அம்புகளை எடுக்கப் போகலாம். ஐந்து முறையோ அதற்கு மேலோ ஊதினால் ஆபத்து. நாணை இழுத்திருப்பவர் அம்பை விடாமல் மெதுவாகத் தளர்த்திக் கீழிறக்க வேண்டும். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் போட்டிகளிலும் இதே வரிசைதான். 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பள்ளிகளுக்காகத் தொடங்கப்பட்ட வில்வித்தைத் திட்டத்திலும் இதே வரிசைதான். ஆகவே, கிள்ளானில் இதைக் கற்றுக்கொள்ளும் மாணவர் நாளை வேறு எந்தத் திடலுக்குப் போனாலும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

ஆனால் நம் பள்ளித் திடல்களுக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஒரு பக்கம் கால்பந்துப் பயிற்சி, மறுபக்கம் சீருடை இயக்கத்தின் அணிவகுப்பு, எல்லாரிடமும் விசில். கால்பந்தில் நடுவர் ஒரு முறை ஊதினால் பெரும்பாலும் ஆட்டம் நிற்கும். வில்வித்தையில் ஒரு முறை ஊதினால் அம்பு பறக்கும். நம் மாணவர்களின் காதில் பல ஆண்டுகளாகப் பதிந்திருக்கும் பொருளுக்கு இது நேர் எதிர். பக்கத்துத் திடலில் யாரோ ஊதிய ஒற்றை விசில், கோட்டில் நாணோடு நிற்கும் பிள்ளைக்கு அனுமதியாகக் கேட்கலாம்.

அதனால் எங்கள் திட்டத்தில் இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். முதலாவது, பிற குழுக்கள் திடலுக்கு வரும் முன்பே, காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடுவது. இரண்டாவது, விசிலோடு கொடியும் வைத்துக்கொள்வது. பச்சைக் கொடி உயர்ந்திருந்தால் மட்டுமே ஒற்றை விசிலுக்குப் பொருள் உண்டு. சிவப்புக் கொடி உயர்ந்திருந்தால் யார் ஊதினாலும் வில் கொக்கியை விட்டு வரக்கூடாது.

விசிலை வைத்திருப்பவர் ஒருவராக மட்டுமே இருக்க வேண்டும், அவர் வில்லைத் தொடக்கூடாது. துரோணர் கேட்டபோது அர்ச்சுனனுக்குப் பறவையின் கண்ணைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை என்ற கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். குறி பார்ப்பவருக்கு அது பெருமை. அதே நேரம், அவருக்கு மரமும் தெரியவில்லை, பக்கத்தில் நிற்பவர்களும் தெரியவில்லை. குறி பார்க்கும் எவருக்கும் பார்வை அப்படித்தான் குறுகுகிறது. பத்து அர்ச்சுனர்கள் கோட்டில் நிற்கும்போது, மரத்தையும் மனிதர்களையும் பார்ப்பதற்கென்றே ஒருவர் தேவை. எங்கள் திட்டத்தில் அவர் கோட்டின் ஓரத்தில் நிற்கிறார். இன்னொரு பெரியவர் காத்திருக்கும் கோட்டைக் கவனிக்கிறார்.

அம்பை எடுக்கும் முறை

இனி அந்த மூன்று நிமிடங்களுக்கு வருவோம். மூன்று அம்புகளையும் விட்டு முடித்த மாணவர், கோட்டிலிருந்து பின்வாங்கி வில்லைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் காத்திருக்கும் கோட்டுக்குப் பின்னால் போக வேண்டும். முதலில் முடித்தவர், தாமதமாக விடுபவரைப் பேசித் தொந்தரவு செய்யக்கூடாது. கடைசி வில் கொக்கிக்கு வந்த பிறகு, விசில்காரர் கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒருமுறை பார்க்கிறார். எந்தக் கையிலும் வில் இல்லை என்று உறுதியான பிறகே மூன்று விசில். இந்த வரிசையை ஒருபோதும் மாற்றக்கூடாது. "எல்லாரும் விட்டாச்சு" என்று யாரோ சொல்வதை நம்பி ஊதுவது கூடாது.

மாணவர்கள் நடந்து போய் மூன்றாவது கோட்டில் நிற்கிறார்கள். ஓர் இலக்குக்கு இரண்டு பேர் என்றால், ஒருவர் மட்டுமே முன்னே போகிறார். மற்றவர் கோட்டிலேயே நிற்கிறார். முன்னே போகிறவர் முதலில் தரையில் கிடக்கும் அம்புகளை எடுக்க வேண்டும். இலக்கில் உள்ளதை முதலில் எடுக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் தரையில் உள்ளதை மிதித்து வளைத்துவிடுவோம். குனிந்து எடுக்கும்போது நம் முகம் வால் முனைகளுக்கு நேரே வராதபடி இலக்கின் பக்கவாட்டிலிருந்துதான் குனிய வேண்டும்.

பிறகு இலக்கில் உள்ள அம்புகள். பக்கவாட்டில் நின்று, பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். இறுகிய அம்பு சட்டென்று விடுபடும்போது அதன் வால் முனை வேகமாகப் பின்னால் வரும். அந்த நேரத்தில் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் நண்பரின் முகம் இருந்தால் காயம் நிச்சயம். ஒரு கையின் உள்ளங்கையை அம்புக்குப் பக்கத்தில் இலக்கின் மேல் அழுத்தி வைத்து, மறு கையால் அம்புத் தண்டை இலக்கை ஒட்டியபடி பிடித்து, இலேசாகத் திருகியவாறு வந்த வழியே நேராக இழுக்க வேண்டும். இறகுப் பக்கம் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் அலுமினியத் தண்டு வளைந்துவிடும். வளைந்த அம்பு அடுத்த முறை எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஓர் அம்புதான் எடுக்க வேண்டும்.

எடுத்த அம்புகளின் கூர்முனைகளை ஒன்றுசேர்த்து ஒரு கைப்பிடிக்குள் மறைத்து, மறு கையால் இறகுகளுக்குக் கீழே தண்டைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் ஓடத் தோன்றாது. தடுக்கினாலும் கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. திரும்பி வந்ததும் அம்புகளைத் தரையில் உள்ள கூட்டில் வைத்துவிட்டு, எத்தனை என்று உரக்கச் சொல்ல வேண்டும். போனது மூன்று என்றால் வந்ததும் மூன்று.

வராத அம்பு

"இரண்டு" என்று ஒரு மாணவர் சொன்னால் என்ன செய்வது? வேகமும் உயரமும் குறைந்து போகும் அம்பு, திடலின் புல்லுக்கடியில் நுழைந்து படுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் புல் வளர்ந்திருந்தால் அதன் மேல் நடந்தாலும் தெரியாது. விட்டுவிட்டுப் போனால், மாலையில் வெறுங்காலோடு பந்து விளையாட வரும் சிறுவனின் பாதத்துக்கோ புல் வெட்டும் இயந்திரத்துக்கோதான் அது கிடைக்கும்.

எங்கள் விதி இதுதான். ஓர் அம்பு குறைந்தால் கொடி சிவப்பிலேயே இருக்கும், அடுத்த குழு கோட்டுக்கு வராது. ஒரு பெரியவரும் அந்த மாணவரும் மட்டும் தேடப் போகிறார்கள். இலக்குக்குப் பின்னால் தேட வேண்டியிருந்தால், ஒரு வில்லை எடுத்துப் போய் இலக்கின் முன்பக்கத்தில் சாய்த்து வைக்கிறார்கள். இலக்குக்குப் பின்னால் குனிந்து தேடுபவரைக் கோட்டிலிருந்து பார்க்க முடியாது. சாய்த்து வைத்த வில்லைப் பார்க்க முடியும். "இங்கே ஆள் இருக்கிறார்" என்பதற்கு அதுவே அடையாளம். தேடிய வரிசையிலேயே மீண்டும் தேடாமல், அம்பு பறந்த திசைக்குக் குறுக்காகக் காலைப் புல்லில் தேய்த்தபடி நடந்தால் விரைவில் அகப்படும், ஏனென்றால் அம்பு பறந்த திசையில்தான் நீளமாகப் படுத்திருக்கும். கோட்டுக்கு முன்னால் கைதவறி விழுந்த அம்புக்கும் ஒரு விதி உண்டு. அதை எடுக்க யாரும் கோட்டைத் தாண்டக்கூடாது. மூன்று விசில் வரும் வரை அது அங்கேயே கிடக்கட்டும்.

நேரக் கணக்கு

முதல் வாரத்தில் அம்பு விடாததற்கு இன்னொரு காரணம், கணக்கு. எங்களிடம் ஐந்து இலக்குகள், பத்து வில்கள். ஓர் இலக்குக்கு இரண்டு பேர், ஆகப் பத்துப் பேர் ஒரு குழு. மூன்று அம்பு விட ஏறக்குறைய இரண்டு நிமிடம். எடுத்து வர மூன்று நிமிடம். குழு மாற ஒரு நிமிடம். ஒரு முறைக்கு ஆறு நிமிடம். ஒரு மணி நேரத்தில் பத்து முறை, அதாவது ஒரு குழுவுக்கு ஐந்து. ஒவ்வொரு மாணவருக்கும் பதினைந்து அம்புகள். அந்த மணி நேரத்தில் அம்பு விடுவதற்குச் செலவாகும் நேரம் இருபது நிமிடம், எடுப்பதற்கு முப்பது நிமிடம். பாதி நேரம் எதில் போகிறதோ, அதை முதலில் சரியாகக் கற்பதுதானே முறை? எடுக்கும் பழக்கம் படியாவிட்டால் மூன்று நிமிடம் ஐந்தாகும், பதினைந்து அம்பு பதினொன்றாகக் குறையும். அந்தப் படிவம் 1 மாணவிக்கு நான் கொடுத்த பதிலும் இதுதான்.

ஆகவே முதல் சனிக்கிழமை, நாங்களே இலக்குகளில் அம்புகளைக் குத்தி வைத்துவிடுவோம். சிலவற்றைத் தரையிலும் போடுவோம். மாணவர்கள் விசிலுக்கேற்ப வருவது, நிற்பது, எடுப்பது, எண்ணிச் சொல்வது என்று பழகுவார்கள். நடுவில் வேண்டுமென்றே ஐந்து விசில் ஊதுவோம். நாண் இழுக்கும் அசைவை ரப்பர் பட்டையில் பழகுவார்கள். அம்பு இல்லாமல் வில்லின் நாணை இழுத்து விட்டால் வில் உடையக்கூடும் என்பதால் வில் அன்று கொக்கியிலேயே இருக்கும். இரண்டாம் வாரம் ஐந்து மீட்டரிலிருந்து ஒரே ஓர் அம்பு. மூன்றாம் வாரம் பத்து மீட்டரிலிருந்து மூன்று. நான்காம் வாரம் புள்ளி எண்ணுவது. புள்ளி எழுதி முடிக்கும் வரை அம்பைத் தொடக்கூடாது என்பதால், முதல் வாரம் பழகிய பொறுமை அங்கே மீண்டும் உதவும்.

வில்லின் இழுவிசை இருபது பவுண்டுக்கு மேல் போகாது. இலேசான வில்தானே என்று எண்ண வேண்டாம். அதை வானத்தை நோக்கி விட்டால் அம்பு கால்பந்துத் திடலின் நீளத்தை நெருங்கக்கூடும். அதனால்தான் வில்லை மேலே தூக்கியபடி நாண் இழுக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே தடுக்கிறோம். இலக்குகளுக்குப் பின்னால் வலை கட்டி, குறுக்கு வழியாகத் திடலைக் கடக்கும் அக்கம்பக்கத்தாருக்கு மாற்றுப் பாதை காட்டக் கயிறும் கட்டுகிறோம்.

பிரிக்பீல்ட்ஸில் திடல் இல்லாதவர்கள்

பிரிக்பீல்ட்ஸ் நண்பர்கள், "எங்களுக்குத் திடலே இல்லையே, மண்டபத்தில் நடத்தலாமா?" என்று கேட்டார்கள். நடத்தலாம். ஒரு பூப்பந்துக் களத்தின் நீளம் 13.4 மீட்டர். பத்து மீட்டர் தூரத்துக்கு மட்டும் அது போதும். காத்திருக்கும் கோட்டுக்கு ஐந்து மீட்டரும், இலக்குக்குப் பின்னால் வலைக்கு இரண்டு மீட்டரும் சேர்த்தால் பதினேழு மீட்டர் வேண்டும். களத்தின் இரு பக்கமும் இடம் விட்டுக் கட்டிய மண்டபத்தில் அது கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் காத்திருக்கும் கோட்டைக் குறைக்க வேண்டாம், தூரத்தை ஏழு மீட்டராகக் குறையுங்கள்.

மண்டபத்தில் அம்பு தொலையாது. வழிப்போக்கர் குறுக்கே வரமாட்டார். ஆனால் கதவு திறக்கும். இலக்குப் பக்கமாகவோ நடுவிலோ உள்ள கதவை யாராவது திறந்துகொண்டு வந்தால், அவர் நேரே அம்பின் பாதையில்தான் நிற்பார். அம்பு விடும் கோட்டுக்குப் பின்னால் உள்ள வாசலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அவசர வழியைப் பூட்ட முடியாது என்பதால் அங்கே ஒரு பெரியவர் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அந்த மண்டபம் வேண்டாம்.

காயம் பட்டால்

2020 ஜனவரியில் அசாம் மாநிலத்தின் திப்ருகர் மாவட்டத்தில், பயிற்சியில் இருந்த 12 வயது வில்வித்தை மாணவி ஒருவரின் தோள்பகுதியில் அம்பு பாய்ந்தது. அம்பு உடலில் இருந்த நிலையிலேயே அவர் விமானத்தில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே மருத்துவர்கள் அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்தார்கள். முறையான பயிற்சியிலும் இப்படி நடக்கலாம் என்பது ஒரு பாடம். உடலில் பாய்ந்த அம்பைத் திடலில் யாரும் பிடுங்கக்கூடாது என்பது இன்னொரு பாடம். இரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பது அந்த அம்பாகவே இருக்கலாம். அம்பு அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துத் தாங்கிப் பிடித்து, 999-ஐ அழைக்க வேண்டும். யார் அழைப்பது, யார் வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுவது, யார் மற்ற மாணவர்களை அழைத்துப் போவது என்று எங்கள் தாளில் முன்கூட்டியே பெயர் எழுதியிருக்கிறோம். இடி கேட்டாலும் ஐந்து விசில்தான். அப்போது திடலில் இருக்கும் அம்புகளை எடுக்கப் போகாமல் எல்லாரும் கட்டடத்துக்குள் போக வேண்டும். மழை விட்ட பிறகு அம்புகள் அங்கேயேதான் இருக்கும்.

உங்கள் பள்ளியிலோ கழகத்திலோ வில்வித்தைப் பயிற்சி தொடங்குவதாகச் சொன்னால், சேரும் முன் நடத்துபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். விசில் யார் கையில் இருக்கும், அவரும் அம்பு விடுவாரா? இலக்குக்கு முன்னால் நிற்கும் கோடு எங்கே? அம்புகளை யார் எண்ணுவார்? தயங்காமல் பதில் வந்தால் சேருங்கள். இல்லையென்றால், அந்தப் பதில்கள் வரும் வரை காத்திருக்கும் கோட்டுக்குப் பின்னாலேயே நில்லுங்கள்.